பிளவுஸ் கடைக்கு வலைத்தளம்: வேர்ட்பிரஸா, கையால் எழுதியதா?

மதுரையில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் பிளவுஸ் கடை வைத்திருக்கிறார். இரண்டு பவர் மெஷின், ஒரு ஓவர்லாக், ஆரி வேலைக்கு ஒரு ஸ்டாண்டு, அவரோடு சேர்த்து நான்கு பேர். ஒரு ஆடி மாதம், கடையில் கூட்டம் குறைந்திருந்த நேரத்தில், இரண்டு கொட்டேஷன்களோடு என்னைக் கூப்பிட்டார். ஒருவர் வேர்ட்பிரஸில் தளம் செய்ய 18,000 ரூபாய் கேட்டிருந்தார். இன்னொருவர் ‘கஸ்டம் கோடிங்’ என்று 55,000 ரூபாய். இந்த இரண்டாவது தாளில் வாடிக்கையாளருக்கு லாகின், ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ஒரு பக்கம், அளவுகளைச் சேமித்து வைக்கும் வசதி என்று வரிசையாக எழுதியிருந்தது.

“தம்பி, ரெடிமேடுக்கும் தைச்சுப் போடறதுக்கும் உள்ள வித்தியாசம்தானே இது? காசு கூடன்னாலும் தைச்சதுதானே உடம்புல ஒழுங்கா நிக்கும்?” என்றார்.

தளம் செய்யும் வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்லும் உவமைதான் இது. ஆனால் பாதிதான் பொருந்தும். தைத்துக் கொடுத்த பிளவுஸ் பீரோவில் இரண்டு வருஷம் கிடந்தாலும் கிடந்தபடியே இருக்கும். தளம் அப்படிக் கிடக்காது. தளத்துக்குப் பொருத்தமான ஒப்புமை, பிளவுஸின் உள்பக்கம் விட்டுவைக்கிற துணி. இரண்டு வருஷம் கழித்து உடம்பு கொஞ்சம் போட்டால், அந்தத் தையலைப் பிரித்து விடுவதற்குத் துணி இருக்கிறதா, பிரித்துவிடத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

முதலில் இரண்டும் என்ன என்று பார்த்துவிடலாம். வேர்ட்பிரஸ் 2003-இல் வந்த இலவச மென்பொருள். உங்கள் எழுத்தும் விலையும் ஒரு தரவுத்தளத்தில் இருக்கும். யாராவது தளத்தைத் திறந்தால், வாடகைக்கு எடுத்த சர்வரில் ஒரு பிஎச்பி நிரல் ஓடி, அவற்றை எடுத்துக் கோத்துப் பக்கமாக்கித் தரும். மாற்றம் செய்ய ஒரு லாகின் உண்டு. உள்ளே போய், வேர்டில் தட்டுவதுபோல் தட்டி, பொத்தானை அழுத்தினால் மாறிவிடும். கோடு தெரிய வேண்டியதில்லை. தோற்றத்துக்குத் தீம், கூடுதல் வேலைகளுக்குப் பிளகின் என்று ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன.

கையால் எழுதிய தளம் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு சரக்கு விற்கப்படுகிறது. குழப்பம் தொடங்குவதே இங்கேதான். ஒன்று, வெறும் எச்டிஎம்எல் பக்கங்கள். நான்கைந்து கோப்புகள், கொஞ்சம் படங்கள், அவ்வளவுதான். ஓடுவதற்கு நிரல் கிடையாது, தரவுத்தளம் கிடையாது, லாகினும் கிடையாது. இன்னொன்று, லாகினும் தரவுத்தளமும் வைத்துப் புதிதாக எழுதும் முழு மென்பொருள். அக்காவின் கையில் இருந்த 55,000 ரூபாய்த் தாள் இரண்டாவது வகை. முதல் வகையைப் பற்றி அவரிடம் யாரும் பேசவே இல்லை. விற்பவருக்கு அதில் பெரிய தொகை நிற்காது.

எதையும் முடிவு செய்வதற்கு முன்னால், அவருடைய போனை வாங்கி, அந்த வாரம் வாட்ஸ்அப்பில் வந்த கேள்விகளைப் படித்தேன். லைனிங் பிளவுஸ் எவ்வளவு? எத்தனை நாளில் கிடைக்கும்? ஆரி வேலை போட்ட படம் இருக்கிறதா? கடை எங்கே, ஞாயிறு திறந்திருக்குமா? வெளியூரிலிருந்து அளவு பிளவுஸ் கூரியரில் அனுப்பினால் தைப்பீர்களா? திரும்பத் திரும்ப இந்த ஐந்துதான். லாகின் வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. “ரெடியா அக்கா?” என்ற கேள்வி மட்டும் ஆறாவதாக வந்துகொண்டே இருந்தது. ஆர்டர் நிலவரப் பக்கம் அதற்குத்தான் என்பது கொட்டேஷன்காரரின் வாதம்.

அந்தப் பக்கம் தானாக எதையும் தெரிந்துகொள்ளாது. வெட்டியாயிற்று, தைத்தாயிற்று, கொக்கி கட்டியாயிற்று என்று ஒவ்வொரு பிளவுஸுக்கும் யாராவது கணினியில் போய் மாற்ற வேண்டும். தீபாவளிக்குப் பதினைந்து நாள் முன்னால், ராத்திரி பதினொரு மணிக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும் கடையில் அதை யார் செய்வார்? பக்கம் ‘வெட்டுதல்’ என்று காட்ட, பிளவுஸ் மடித்துக் கவரில் போட்டபடி மேசையில் இருக்கும். பார்த்தவர் அதையும் நம்பாமல் வாட்ஸ்அப்பில்தான் வருவார்.

அளவு சேமிக்கும் வசதி இன்னும் மோசமான யோசனை என்பது என் கருத்து. வாடிக்கையாளர் தானே டேப் பிடித்து எடுத்த அளவை நம்பி எந்தத் தையல்காரரும் கத்தரி வைக்க மாட்டார். பொருந்திய ஒரு பழைய பிளவுஸைத்தான் கேட்பார். அக்கா எடுக்கும் அளவுகளுக்கு நீளமான நோட்டு இருக்கிறது. பில் நம்பர், தேதி, ஓரத்தில் பின் குத்திய துண்டுத் துணி எல்லாம் அதில் உண்டு. அதை இணையத்தில் ஏற்றினால், பெண்களின் பெயர், போன் நம்பர், உடல் அளவு மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடக்கும். அந்தப் பூட்டைச் செய்தவர் ஒருவர், அதைக் காவல் காப்பவர் யாருமில்லை. கசிந்தால் தெரு முழுக்கப் பேச்சாகிவிடும். நோட்டு திருடு போக, திருடன் கடைக்குள் வந்தாக வேண்டும்.

புதிதாக எழுதிய மென்பொருளுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. பிஎச்பி போன்ற மொழிகளின் பழைய பதிப்புகளுக்குச் சில வருஷங்களில் ஆதரவு நின்றுவிடும். சர்வர்காரர் புதிய பதிப்புக்கு மாறுவார், பழைய கட்டளைகள் வேலை செய்யாமல் போகும். பழைய பிஎச்பி நிரல்கள் தரவுத்தளத்தோடு பேசப் பயன்படுத்திய `mysql_query` என்ற கட்டளை 2015-இல் வந்த ஏழாம் பதிப்பில் எடுக்கப்பட்டுவிட்டது. அதை நம்பி எழுதிய தளங்கள் புதிய சர்வரில் வெள்ளைப் பக்கமாக நின்றன. வேர்ட்பிரஸுக்கு இதைச் சரிசெய்ய உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். 55,000 ரூபாய் மென்பொருளைச் சரிசெய்ய அதை எழுதியவர் ஒருவர்தான். அவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டால் கதை முடிந்தது.

ஆக, அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டோம். மிச்சம் இருந்தவை வேர்ட்பிரஸும் வெறும் பக்கங்களும்.

வேர்ட்பிரஸில் தளம் போடுவது எளிது, கூடவே இருந்து பார்த்துக்கொள்வதுதான் வேலை. அதன் மையப் பகுதிக்கு வரும் சின்னப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2013-லிருந்து தானாகவே ஏறிக்கொள்கின்றன. ஓட்டை பெரும்பாலும் பிளகின்களில்தான் விழுகிறது. படம் ஓட ஒரு பிளகின், ஃபாரத்துக்கு ஒன்று, வாட்ஸ்அப் பொத்தானுக்கு ஒன்று என்று பத்துப் பன்னிரண்டு சேர்ந்துவிடும். ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள் எழுதியது. அவற்றில் தானியங்கிப் புதுப்பிப்பை நாமே போய் இயக்கிவிட வேண்டும், இல்லையென்றால் நாமே அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். ‘என் சின்னக் கடையை யார் குறிவைக்கப் போகிறார்கள்’ என்று கேட்பார்கள். ஆளைப் பார்த்து யாரும் வருவதில்லை. பழைய பிளகின் எங்கே இருக்கிறது என்று இரவும் பகலும் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் நிரல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு பிளவுஸ் கடையும் வங்கியும் ஒன்றுதான்.

புகுந்துவிட்டால் உடனே தெரியாது என்பதுதான் தொல்லை. கடைக்காரர் திறந்து பார்த்தால் தளம் வழக்கம்போலவே இருக்கும். கூகுளுக்கு மட்டும் வேறு பக்கங்கள் காட்டப்படும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. கூகுள் தேடலில் `site:` என்று தட்டி, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைச் சேருங்கள். உங்கள் தளத்தில் கூகுள் பதிந்து வைத்திருக்கும் பக்கங்கள் வரும். ஐந்து பக்கத் தளத்துக்கு ஐந்தாறு வர வேண்டும். ஜப்பானிய எழுத்திலோ, சூதாட்ட விளம்பரமாகவோ நூற்றுக்கணக்கில் வந்தால், உள்ளே யாரோ குடியேறிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த யூனிபார்ம் தையல் கடை ஒன்றில் இப்படித்தான் நடந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றை, தளம் செய்தவர் எங்கோ திருட்டுப் பதிப்பாக இறக்கிப் போட்டிருந்தார். கதவு அதிலேயே திறந்து வைக்கப்பட்டிருந்தது. அதனால் கொட்டேஷன் வாங்கும்போது, தீமும் பிளகின்களும் எங்கிருந்து எடுத்தவை என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஃபாரம் விஷயத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ‘கான்டாக்ட் ஃபார்ம் 7’ என்ற பிரபலமான பிளகின், வந்த செய்தியை மெயிலாக அனுப்பும். தனக்குள் சேமித்து வைக்காது. மலிவு சர்வரிலிருந்து போகும் மெயில் அடிக்கடி ஸ்பாமில் விழும். வாடிக்கையாளருக்கு ‘செய்தி அனுப்பப்பட்டது’ என்று பச்சை வரி தெரியும், கடைக்கு எதுவும் வந்திருக்காது. எந்தப் பக்கமும் பிழை என்று காட்டாததால் மாதக்கணக்கில் கவனிக்காமலே போகும். தையல் கடைக்கு ஃபாரமே வேண்டாம் என்றுதான் சொல்வேன். வாட்ஸ்அப் இணைப்பு போதும், அதற்குப் பிளகினும் தேவையில்லை. ஒரே வரி:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=பிளவுஸ்%20தைக்க%20வேண்டும்
```

தொட்டால் வாட்ஸ்அப் திறந்து, செய்தி எழுதப்பட்டுத் தயாராக நிற்கும். அனுப்புவது மட்டும் வாடிக்கையாளர் வேலை. நம்பருக்கு முன்னால் 91 வேண்டும். கூட்டல் குறியோ பூஜ்யமோ போடக்கூடாது. பூஜ்யம் போட்டுவிட்டு ‘இணைப்பு வேலை செய்யவில்லை’ என்று புலம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி வெறும் பக்கங்கள். அவற்றில் ஓடுவதற்கு நிரல் இல்லாததால், பழைய பிளகின் வழியாக நுழைய வழியில்லை. புதுப்பிக்க எதுவும் இல்லை. எச்டிஎம்எல் பத்து வருஷம் கழித்தும் அப்படியே திறக்கும். கிளவுட்ஃபிளேர் பேஜஸ், நெட்லிஃபை போன்ற இடங்களில் இந்த அளவுத் தளத்தை இலவசமாகவே வைக்கலாம். கோப்புகள் உள்ள ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டால் ஏறிவிடும். கிட்ஹப் பேஜஸும் இலவசம்தான், ஆனால் வியாபாரம் நடத்துவதற்கான இடமாக அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதன் விதிமுறையிலேயே இருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் பழக்கத்தில் அங்கேதான் போடுவார்கள், சொல்லி வைக்க வேண்டும்.

இதன் பலவீனம் ஒன்றே ஒன்று, ஆனால் சின்னதில்லை. மாற்றம் செய்ய லாகின் கிடையாது. விலைப் பட்டியலில் ஒரு வரி இப்படி இருக்கும்:

```
<tr><td>லைனிங் பிளவுஸ்</td><td>₹450</td></tr>
```

450-ஐ 480 ஆக்க, அந்தக் கோப்பைத் திறந்து, எண்ணை மட்டும் மாற்றி, சேமித்து, ஃபோல்டரை மறுபடி ஏற்ற வேண்டும். தெரிந்தவருக்கு ஐந்து நிமிஷ வேலை. தெரியாதவர் அந்தக் கோணக் குறிகளில் ஒன்றை அழித்துவிட்டால் பட்டியல் கோணலாகிவிடும். அக்காவால் போனிலிருந்து இதைச் செய்ய முடியாது. யாரையாவது கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எனவே நான் கேட்ட கேள்வி இதுதான்: “வருஷத்துக்கு எத்தனை தடவைக்கா மாத்துவீங்க?”

யோசித்துவிட்டுச் சொன்னார். விலை தை மாதத்தில் ஒரு தடவை ஏறும். தீபாவளிக்கு முன்னால், இந்தத் தேதிக்கு மேல் ஆர்டர் எடுப்பதில்லை என்று ஒரு அறிவிப்பு, பிறகு அதை எடுத்துவிடுவது. ஆரி படங்கள் வருஷத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும். புதுப் படங்களைத்தான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தினமும் போடுகிறாரே. ஆக நான்கு தடவை. அதற்காக ஒரு நிரலையும் தரவுத்தளத்தையும் 365 நாளும் ஓடவிட்டுக் காவல் காப்பதில் அர்த்தமில்லை.

காசுக் கணக்கையும் மூன்று வருஷத்துக்குப் போட்டோம். முதல் வருஷத்தை மட்டும் பார்த்தால் எல்லாத் தாளும் அழகாகத்தான் தெரியும். வேர்ட்பிரஸ் தாளின் கடைசி வரியில், இரண்டாம் வருஷத்திலிருந்து சர்வருக்கும் பெயருக்கும் 5,000 ரூபாய், பராமரிப்புக்கு மாதம் 500 ரூபாய் என்று இருந்தது. மூன்று வருஷத்தில் மொத்தம் 40,000. பராமரிப்பை வேண்டாம் என்றால் 28,000, ஆனால் பழைய பிளகின் வழியாக யாராவது குடியேறும் நிலைமைதான். வெறும் பக்கங்களைச் செய்ய அதே தெருவில் கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் 12,000 கேட்டான். பெயருக்கு வருஷம் சுமார் 1,000. மாற்றம் ஒன்றுக்கு அவனுக்கு 300 என்று பேசிக்கொண்டால், பன்னிரண்டு மாற்றத்துக்கு 3,600. எல்லாம் சேர்த்து 18,600.

அக்கா வெறும் பக்கங்களையே எடுத்தார். இதையே எல்லாக் கடைக்கும் சொல்ல மாட்டேன். அடுத்த தெருவில் கல்யாண பிளவுஸ் மட்டும் செய்யும் ஒருவர் வாரம் இரண்டு புது டிசைன் ஏற்றுகிறார். ஒவ்வொன்றுக்கும் என்ன நூல், எத்தனை நாள் வேலை, என்ன விலை என்று எழுதுகிறார். அவருடைய தங்கை மகள் படம் எடுத்து உடனே ஏற்றிவிடுகிறாள். அவருக்கு வேர்ட்பிரஸ்தான் சரி. ஏற்றும் பெரிய படத்திலிருந்து சின்ன அளவுப் பிரதிகளை அதுவே செய்துகொள்ளும். வெறும் பக்கத் தளத்தில் அதையும் நாமேதான் செய்ய வேண்டும். போனில் எடுத்த படம் ஒன்று 4 எம்பி இருக்கும். அப்படி இருபதை ஒரே பக்கத்தில் வைத்தால், பேருந்தில் போய்க்கொண்டே பார்ப்பவர் வட்டம் சுற்றுவதைத்தான் பார்ப்பார். அகலத்தை 1,200 பிக்சலுக்குக் குறைத்து, ஒவ்வொன்றையும் 200 கேபிக்குள் கொண்டு வந்தால் போதும். பிரவுசரிலேயே ஓடும் `squoosh.app` இதற்கு நன்றாக உதவும்.

பையன் வேலையைத் தொடங்கியதும் முதல் சிக்கல் தமிழில் வந்தது. அக்காவின் விலைப் பட்டியல் பிரிண்டிங் பிரஸ்ஸில் பாமினி எழுத்துருவில் அடித்தது. அங்கிருந்து கோப்பை வாங்கி ஒட்டியதும், தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகள் குப்பையாக வந்து நின்றன. பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கும். பையன் சட்டென்று பட்டியலைப் படமாக்கி ஒட்டப் பார்த்தான். படமாகப் போட்டால் போனில் பெரிதாக்கி, இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். ஒரு விலை மாற முழுப் படத்தையும் மறுபடி செய்ய வேண்டும். யூனிகோடுக்கு மாற்றித் தட்டச் சொன்னேன். வேர்ட்பிரஸ் எடுத்திருந்தாலும் இதே சிக்கல் வந்திருக்கும்.

ஐந்து கேள்விகளுக்கும் ஒரே நீளப் பக்கத்தில் பதில் வைத்தான். மேலே விலை, அடுத்து எத்தனை நாள், பிறகு ஆரி படங்கள், வெளியூர்க்காரர்கள் அளவு பிளவுஸை எப்படி அனுப்ப வேண்டும் என்ற குறிப்பு, கடைசியில் வழியும் நேரமும். வாட்ஸ்அப் பொத்தான் கீழே எப்போதும் நிற்கும். ஆரி படங்கள் கூடியபோது அதற்கு மட்டும் தனிப்பக்கம் பிரித்தான். கூகுள் மேப்பில் கடையைப் பதிவது இலவசம், தளம் இருக்கிறதோ இல்லையோ அது வேண்டும். அதை அன்றைக்கே செய்து, தள முகவரியை அதில் சேர்த்துவிட்டோம்.

ஒப்படைக்கும் நாளில் நான் பிடிவாதமாக இருந்தது ஒரே விஷயத்தில். தளத்தின் பெயரைப் பதிந்த கணக்கு அக்காவின் சொந்த ஜிமெயிலில் இருக்க வேண்டும். தளம் செய்பவர்கள் வசதிக்காகத் தங்கள் கணக்கிலேயே பதிந்துவிடுவார்கள். பிறகு மனஸ்தாபம் வந்தாலோ, அவர் நம்பரை மாற்றிவிட்டாலோ, போர்டிலும் பில்லிலும் அச்சடித்த பெயர் கைவிட்டுப் போய்விடும். கோப்புகளை மறுபடி எழுதிவிடலாம், பெயரைத் திரும்ப வாங்குவது நம் கையில் இல்லை. பையன் கணக்கை மாற்றிக் கொடுத்தான். எல்லாக் கோப்புகளையும் ஒரு பென்டிரைவிலும் போட்டுக் கொடுத்தான்.

அக்கா அந்தப் பென்டிரைவைப் பாபின் டப்பாவில் போட்டுவிட்டு, அளவு நோட்டின் பின்னட்டையில் பெயரைப் புதுப்பிக்க வேண்டிய தேதியை எழுதிக்கொண்டார். அதற்குப் பக்கத்தில் பையனின் நம்பர், அதற்கும் கீழே அவன் அம்மாவின் நம்பர்.